'சம்மதத்துடன்': ஒரு வேலை ஒப்பந்தத்தை வாசித்தல்

நான் இங்கே விமர்சிக்கப் போகும் பிரதி மொத்தம் ஏழு பக்கம். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் அரபி. ஆசிரியர் பெயர் கிடையாது. கடைசிப் பக்கத்தில் மூன்று கையெழுத்துகளுக்கு இடம் விட்டிருக்கிறது: முதலாளி, ஆள் எடுக்கும் அலுவலகம், தொழிலாளி. முதல் இரண்டு இடங்களிலும் முத்திரை விழுந்துவிட்டது. மூன்றாவது இடத்தில் பெருமுக்கல் மலையடியில் குடியிருக்கும் ஒரு பெண் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கு ஆங்கிலமும் தெரியாது, அரபியும் தெரியாது. எட்டாவது வரை படித்தவர், வயது முப்பத்தாறு. வெயில் காலத்தில் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரவும் கூடை சுமக்கவும் போகிறவர். மழை பிடித்துவிட்டால் பாத்திகள் நீரில் மூழ்கிவிடும், வேலை இல்லை. அந்த மூன்று மாதத்துக்கு அரசு தரும் ஐயாயிரம் ரூபாய் நிவாரணம் எத்தனை நாளைக்கு வரும் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

குவைத்தில் வீட்டுவேலைக்கு ஆள் வேண்டும் என்று திண்டிவனத்தில் ஒரு முகவர் சொல்லியிருக்கிறார். அறுபதாயிரம் ரூபாய் கட்டச் சொல்லி, அதில் பாதியை வாங்கியும் விட்டார். அதற்குப் பிறகுதான் ஒப்பந்தம் கைக்கு வந்தது. "அக்கா, இதுல என்னா எழுதியிருக்குன்னு மட்டும் சொல்லு, போறதா வேணாமான்னு நான் பாத்துக்கறேன்" என்றார். அது நியாயமான நிபந்தனை. இந்தக் கட்டுரையிலும் அதை மீறக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் அவர்களைப் போகாதே என்று சொல்வதோடு வேலையை முடித்துக்கொள்கிறார்கள். அரசும் அதைத்தான் செய்கிறது.

அரசு செய்வதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஒப்பந்தத்துக்கு என்ன மதிப்பு என்பது அதில்தான் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஈசிஆர் என்றால் சென்னையிலிருந்து மரக்காணம் வழியாகப் புதுச்சேரி போகும் கடற்கரைச் சாலை. பாஸ்போர்ட்டிலும் ஓர் ஈசிஆர் உண்டு. பத்தாம் வகுப்பு தேறாதவர் வேலைக்காக வளைகுடா நாடுகளுக்குப் போக வேண்டுமானால், 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் அனுமதி வாங்க வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. இந்த வகைப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண் முப்பது வயதுக்குக் கீழே இருந்தால் வீட்டுவேலைக்குப் போக அனுமதியே இல்லை. முப்பதைத் தாண்டியவர்களும் தனியார் முகவர் வழியாகப் போக முடியாது, அரசு நிறுவனங்கள் வழியாகவே போக வேண்டும் என்று 2016-இல் விதி வந்தது. தமிழ்நாட்டில் அதற்கு 1978 முதல் இருக்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் உண்டு. பாதுகாப்பு என்று சொல்லிக் கதவைச் சாத்தியதும் முகவர்கள் சன்னலைத் திறந்தார்கள். சுற்றுலா விசாவில் ஒரு நாட்டில் இறங்கி அங்கிருந்து இன்னொரு நாட்டுக்கு மாற்றுவது, வயதைக் கூட்டிக் காட்டுவது எல்லாம் இப்படித்தான் பெருகின. அப்படிப் போகிறவர் பெயர் அரசின் இணையப் பதிவில் ஏறாது. அவர் ஒப்பந்தத்தை இந்தியத் தூதரகம் பார்த்திருக்காது. காப்பீடும் இருக்காது.

என் கையில் இருந்த ஏழு பக்கத்தில் தூதரகச் சான்று இல்லை, அரசுப் பதிவு எண்ணும் இல்லை. முகவரின் பதிவுச் சான்று எண்ணைப் போடவேண்டிய இடத்தில் ஒரு கைப்பேசி எண் இருந்தது. ஒரு ஒப்பந்தம் நிஜமா என்று பார்க்க முதலில் இந்த மூன்றையும் தேட வேண்டும். நான்காவதாக, விசாத்தாளில் இருக்கும் முதலாளி பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கும் முதலாளி பெயரும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். இதில் விசாத்தாளே இன்னும் வரவில்லை. இத்தோடு தாளை மடித்து வைத்திருக்கலாம். ஆனால் உள்ளே இருப்பவை இவர் ஒருவருக்காக எழுதப்பட்ட வாக்கியங்கள் இல்லை. சான்று பெற்ற ஒப்பந்தங்களிலும் இவற்றின் உறவுக்கார வாக்கியங்கள் உண்டு. அதனால் தொடர்ந்து படித்தேன்.

சம்பளம் நான்காவது பிரிவில் வருகிறது. மாதம் நூறு குவைத் தினார். ஒரு தினாரைச் சுமார் 270 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 27,000 ரூபாய். அவர் மனதில் நின்றதும் இந்த ஒரு எண்தான், நிற்கட்டும், தப்பில்லை. ஆனால் அதே பிரிவின் அடுத்த வரி, முதல் மூன்று மாதம் பயிற்சிக்காலம், அப்போது எண்பது தினார் என்கிறது. பாத்திரம் விளக்கவும் பிள்ளை பார்க்கவும் மூன்று மாதப் பயிற்சி. பெண்கள் இந்த வேலையைப் பிறவியிலேயே கற்றுக்கொண்டு வருகிறார்கள் என்று சொல்லித்தான் உலகம் முழுவதும் அதற்குக் குறைந்த கூலி தருகிறார்கள். இங்கே மட்டும், கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று சொல்லிக் குறைக்கிறார்கள்.

வேலை நேரம் எவ்வளவு என்று தேடினேன். "வீட்டின் தேவைக்கேற்ப" என்று இருந்தது. சம்பளத்தைப் படிக்கும்போது நேரத்தையும் சேர்த்துப் படிக்காவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. அவரும் நானும் ஒரு கணக்குப் போட்டோம். உப்பளத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு இறங்கிப் பதினொரு மணி சுமாருக்கு ஏறினால் 350 ரூபாய் கிடைக்கிறது என்றார். மணிக்கு 58 ரூபாய். குவைத் வீட்டில் பதினாறு மணி நேரம், விடுமுறையில்லாமல் முப்பது நாள் என்றால் மாதம் 480 மணி நேரம். 27,000-ஐ அதால் வகுத்தால் மணிக்கு 56 ரூபாய். கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அங்க சோறும் எடமும் இருக்குல்ல, மழைக்கு நிக்காதுல்ல" என்றார். உண்மைதான். உப்பளத்தின் கூலி எட்டு ஒன்பது மாதக் கூலி, இது பன்னிரண்டு மாதக் கூலி. இந்தக் கணக்கில் அவர் என்னைவிடத் தெளிவாக இருந்தார்.

ஆனால் அந்தப் பதினாறு மணி நேரத்துக்கு குவைத் சட்டத்திலேயே இடமில்லை. வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2015-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது, எண் 68. வளைகுடா அரசுகள் இந்தப் பெண்களைத் தொழிலாளர் சட்டத்துக்கு வெளியே நிறுத்தியிருந்த காலத்தில், அது பெரிய நகர்வு. ஒரு நாளைக்கு அதிகபட்சம் பன்னிரண்டு மணி நேரம், வாரம் ஒருநாள் ஓய்வு, ஆண்டுக்கு முப்பது நாள் சம்பளத்தோடு விடுப்பு, ஒப்பந்தம் முடியும்போது ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை, எல்லாம் அதில் உண்டு. அடுத்த ஆண்டு குறைந்தபட்ச மாதச் சம்பளம் 60 தினார் என்று நிர்ணயித்தார்கள். பன்னிரண்டு மணி நேரம் வாரம் ஆறு நாள் என்று போட்டால் அதே நூறு தினார் மணிக்கு 86 ரூபாய் ஆகிவிடுகிறது. ஒப்பந்தத்தில் எண்ணைக் கூட்டச் சொல்வதைவிட "வீட்டின் தேவைக்கேற்ப" என்ற இரண்டு சொல்லை எடுத்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதச் சொல்வது அவருக்கு அதிகம் தரும்.

பணிக்கொடை பற்றி ஏழு பக்கத்திலும் ஒரு சொல் இல்லை. இலக்கியப் பிரதிகளில் மௌனத்தை வாசிக்க வேண்டும் என்று நாங்கள் அடிக்கடி எழுதுவோம், சில நேரம் அலுக்கும் அளவுக்கு. இந்தப் பிரதியின் மௌனத்துக்கு விலை போட முடிகிறது. இரண்டு ஆண்டுக்கு 200 தினார், 54,000 ரூபாய். முகவர் கேட்ட தொகையை ஏறக்குறைய அடைத்துவிடும். அந்தத் தொகைக்கு வருவோம். ஒப்பந்தத்தில் அது இல்லை, அதற்கு ரசீதும் இல்லை. பதிவு பெற்ற முகவர்கூட இந்தியச் சட்டப்படி முப்பதாயிரம் ரூபாயும் அதற்கான வரியும்தான் வாங்கலாம். பதிவே இல்லாமல் ஆள் அனுப்புவது குற்றம். அவர் கொடுத்த பாதித் தொகை மூணு வட்டிக்கு வாங்கியது. மீதியையும் அப்படித்தான் புரட்டப் போகிறார். அறுபதாயிரத்துக்கு மாதம் 1,800 வட்டி. விமானம் ஏறுவதற்கு முன்பே அந்த நூறு தினாரில் ஏழு தினார் போய்விடுகிறது.

சம்பளம் தாமதமானால் ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் பத்து தினார் முதலாளி தர வேண்டும் என்கிறது அதே குவைத் சட்டம். ஒப்பந்தம் இதையும் சொல்லவில்லை. மாறாக, சம்பளம் கையில் ரொக்கமாகத் தரப்படும், தொழிலாளி பேரேட்டில் கையெழுத்திடுவார் என்கிறது. பேரேடு முதலாளியிடம் இருக்கும். வளைகுடாவிலிருந்து திரும்பிய பெண்கள் இதைப் பற்றிச் சொல்வது ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது: "மாமா" கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன், பணம் அப்புறம் தருகிறேன் என்றார். வழக்கென்று வரும்போது அந்தக் கையெழுத்துதான் பேசும். அதனால் வங்கி வழியாக என்ற ஒரு திருத்தம் போதும். வங்கிக் கணக்கு இருந்தால் வராத மாதம் வராததாகவே தெரியும்.

ஒன்பதாவது பிரிவு ஊர் திரும்புவதைப் பற்றியது. முகவர் இந்த ஒரு பிரிவை மட்டும் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார், நல்ல கையெழுத்து. "தொழிலாளி தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்படுவார்" என்று தொடங்குகிறது. நான் அந்த வினைச்சொல்லிலேயே நின்றுவிட்டேன். திரும்புவது வேறு, திருப்பி அனுப்பப்படுவது வேறு. ஒன்றில் அவர் எழுவாய். இன்னொன்றில் அவர் சரக்கு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், தமிழ்தான் பிரித்துக் காட்டுகிறது. முகவர் யோசித்து எழுதியிருக்க மாட்டார். ஆனால் பிரிவின் உள்ளடக்கத்துக்கு அவர் போட்ட வினை மிகப் பொருத்தம்.

அதில் மூன்று வகை உண்டு. இரண்டாண்டு முடித்தால் முதலாளி விமானச் சீட்டு தருவார். முதலாளி தகுந்த காரணமின்றி நிறுத்தினால் அவரே தருவார். தொழிலாளி "வேலை செய்ய மறுத்தால், அல்லது வேலைக்குத் தகுதியற்றவர் என்று தெரியவந்தால், அல்லது சொந்தக் காரணத்துக்காகத் திரும்ப விரும்பினால்" சீட்டுச் செலவு அவருடையது. அதோடு அவரை வரவழைக்க முதலாளி செலவழித்த 850 தினாரையும் திருப்பித் தர வேண்டும்.

முதல் இரண்டு வகையும் பார்வைக்குத்தான். எல்லாம் மூன்றாவதில் இருக்கிறது. நோயில் படுத்தால் தகுதியற்றவர். சம்பளம் வராமல் வேலையை நிறுத்தினால் மறுத்தவர். வீட்டு ஆணின் கை மேலே பட்டு, நான் ஊருக்குப் போகிறேன் என்று அழுதால் அது சொந்தக் காரணம். எந்த வகை என்று முடிவு செய்வது யார் என்பதை ஒப்பந்தம் சொல்லவில்லை, எனவே பாஸ்போர்ட்டும் சீட்டும் யார் கையில் இருக்கிறதோ அவர். 850 தினார் அவருடைய எட்டரை மாதச் சம்பளம், நம் பணத்தில் இரண்டு லட்சத்து இருபத்தொன்பதாயிரத்துச் சொச்சம். மரக்காணத்தில் ஓர் உப்பள முதலாளி, இவ்வளவு பணம் கட்டினால்தான் வேலையை விட்டுப் போகலாம் என்று எழுதி வாங்கினால், 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி திண்டிவனம் சார் ஆட்சியர் வந்து விசாரிக்க வேண்டியிருக்கும். அதே வாக்கியத்தைக் கடலுக்கு அந்தப் பக்கம் எழுதினால் அது ஒப்பந்த நிபந்தனை ஆகிவிடுகிறது.

இந்த வாக்கியத்துக்கு மூதாதை உண்டு. 1860-இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் போன முதல் கப்பலில் தமிழ்ப் பெண்களும் ஏறினார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம். ஆணுக்கு முதலாண்டில் மாதம் பத்து ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி. பத்து ஆண்டு அங்கே கழித்தால் ஊர் திரும்பும் கப்பல் செலவை அரசு ஏற்கும் என்பது அந்த ஏற்பாட்டில் இருந்த பெரிய வாக்குறுதி. முப்பத்தைந்து ஆண்டு கழித்து அந்த உரிமையையே தலைகீழாக்கினார்கள். 1895-ஆம் ஆண்டுச் சட்டம், மறுபடி ஒப்பந்தக் கூலியாகவோ ஊருக்கோ போகாதவர்கள் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும் என்றது. பதின்மூன்று வயதைத் தாண்டிய பெண்ணுக்கும் அதே வரி. ஊர் திரும்புதல் என்பது தொழிலாளி கேட்டால் கிடைக்காததாகவும், முதலாளிக்கு வேண்டும்போது அவள்மேல் திணிக்கப்படுவதாகவும் இருப்பது அன்று முதலே பழக்கம்தான். கருவுற்ற பெண்ணை அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவதும், சம்பளம் கேட்டவளை ஏற்றாமல் வைத்திருப்பதும் ஒரே பிரிவின் கீழ்தான் நடக்கிறது.

ஒப்பந்தம் சரியாக இருந்து, பதிவோடு போயிருந்தால் வேறு சில பிடிமானங்கள் கிடைக்கும். ஈசிஆர் பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்குக் கட்டாயமான பிரவாசி பாரதிய பீமா காப்பீடு உண்டு. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய் சந்தா. விபத்தில் இறந்தால் பத்து லட்சம் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். உடல்நலக் குறைவால் திருப்பி அனுப்பப்பட்டால் ஒருவழி விமானக் கட்டணமும் அதில் கிடைக்கும் என்பதைச் சொல்வதில்லை. 275 ரூபாய்த் தாள் ஒன்று மூன்றாவது வகையின் ஒரு கால்வாசியை உடைத்துவிடுகிறது. அதுவும் இல்லாமல் நிற்பவர்களுக்குத் தூதரகங்களில் 2009-இல் ஏற்படுத்திய இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது, அதிலிருந்து சீட்டு வாங்கித் தரலாம். ஆனால் அதற்கு அவர் தூதரகம் வரை வந்து சேர வேண்டும். பூட்டிய வீட்டிலிருந்து தூதரகத்துக்கு எத்தனை தொலைவு என்பதை 2015-இல் பார்த்தோம். வேலூர் மாவட்டத்திலிருந்து ரியாத்துக்கு வீட்டுவேலைக்குப் போன பெண் ஒருவர் வலது கையை இழந்து திரும்பினார். முதலாளி வீட்டில் வெட்டினார்கள் என்றார் அவர். சன்னல் வழியாகத் தப்பிக்கும்போது விழுந்து அடிபட்டது என்றது அந்நாட்டுத் தரப்பு. அவர்கள் சொன்னதையே எடுத்துக்கொண்டாலும், ஊருக்குப் போக விரும்பும் ஒருவர் ஏன் சன்னல் வழியாகப் போக வேண்டியிருந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

பன்னிரண்டாவது பிரிவு ஒரே வாக்கியம்: "தொழிலாளியின் பாஸ்போர்ட், பாதுகாப்புக் கருதியும் அவரது சம்மதத்துடனும், முதலாளியிடம் இருக்கும்."

இதில் அழகான சொல் "சம்மதத்துடன்". தவறுதலாக வந்து விழுந்தது அல்ல. 2015-ஆம் ஆண்டுக் குவைத் சட்டம் பாஸ்போர்ட்டையோ அந்நாட்டு அடையாள அட்டையையோ, நம்மவர்கள் பத்தாக்கா என்பார்கள், முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. கூடவே, பணியாளரின் சம்மதம் இருந்தாலொழிய என்று ஒரு விலக்கும் வைத்திருக்கிறது. ஒப்பந்தம் எழுதியவர் தடையைப் படிக்கவில்லை, விலக்கைப் படித்திருக்கிறார். குவைத்தை மட்டும் சொல்லிப் பயனில்லை. நம் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. இது இந்திய அரசின் சொத்து என்று அது தொடங்குகிறது. 1967-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஆனால் அதே எச்சரிக்கை, பாஸ்போர்ட் அதன் உரிமையாளரிடமோ அவர் அதிகாரம் கொடுத்த ஒருவரிடமோ இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதிகாரம் கொடுத்தார் என்று காட்ட ஒரு கையெழுத்து போதும். 2011-ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கையில்தான், வீட்டுப் பணியாளர் தம் பயண ஆவணங்களைத் தம்மிடமே வைத்துக்கொள்ள உரிமையுள்ளவர் என்று விலக்கு எதுவும் இல்லாமல் எழுதியிருக்கிறது. அதை இந்தியாவும் ஏற்று உறுதிசெய்யவில்லை, குவைத்தும் செய்யவில்லை.

சம்மதம் என்ற சொல்லோடு பெண்ணியம் நீண்ட காலமாகப் போராடி வருகிறது. படுக்கையறையில் கேட்கும் அதே கேள்விகளை இந்தத் தாளிலும் கேட்கலாம். யாருக்குக் கொடுத்த சம்மதம்? பெயர் தவிர வேறு எதுவும் தெரியாத ஒருவருக்கு. எப்போது கொடுத்தது? அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், திண்டிவனத்தில் உட்கார்ந்து. மறுத்தால் என்ன ஆகும்? முப்பதாயிரம் ரூபாய் போகும். திரும்பப் பெற முடியுமா? கொடுத்த சம்மதத்தை எப்படித் திரும்பப் பெறுவது என்று ஒப்பந்தத்தில் வழியே இல்லை. திரும்பப் பெற முடியாத ஒன்றுக்குச் சம்மதம் என்று பெயர் வைப்பதே இந்தப் பிரதியின் பெரிய கற்பனை.

மூன்று பிரிவுகளையும் தனித்தனியாகப் படித்தால் ஒவ்வொன்றிலும் தொழிலாளிக்கு ஏதோ கொஞ்சம் இருப்பதுபோலத் தெரியும். சேர்த்துப் படிக்கும்போதுதான் பொருள் விளங்குகிறது. சம்பளம் நான்கு மாதமாக வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி நாற்பது தினார் கூடுதலாகக் கிடைக்க வேண்டும், அதற்குப் புகார் கொடுக்க வேண்டும், அதற்கு வீட்டைவிட்டு வெளியே போக வேண்டும். சொல்லாமல் போனால் முதலாளி தலைமறைவு என்று புகார் கொடுப்பார், தங்கும் அனுமதியான அக்காமா ரத்தாகும். ஊருக்கே போகிறேன் என்றால் ஒன்பதாவது பிரிவு 850 தினார் கேட்கும். அதைக் கட்டச் சம்பளம் வேண்டும், அது முதலாளியிடம் இருக்கிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகிறேன் என்றால் பாஸ்போர்ட் அவர் அலமாரியில். கடைசி வழி, தூதரகம் போய் அவசரச் சான்று வாங்குவது, வளைகுடாத் தமிழில் அவுட்பாஸ். 2018, 2020, 2024 ஆகிய ஆண்டுகளில் குவைத் பொதுமன்னிப்பு அறிவித்தபோது, அனுமதிக்காலம் முடிந்து தங்கியிருந்தவர்கள் தண்டம் இல்லாமல் ஊர் திரும்ப முடிந்தது. பாஸ்போர்ட் கையில் இல்லாதவர்களுக்கு இந்த அவுட்பாஸ்தான் வழி. ஆனால் வராத சம்பளத்துக்குப் பொதுமன்னிப்பில் இடமில்லை. அவுட்பாஸில் வருகிறவர் தன் கூலியை அங்கேயே விட்டுவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்.

இதையெல்லாம் தமிழில் சொல்லி, திருத்த வேண்டியதை அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதவைத்தேன். வேலை நேரம் பன்னிரண்டு, வாரம் ஒருநாள் ஓய்வு. சம்பளம் முதல் மாதத்திலிருந்தே நூறு, வங்கி வழியாக. இரண்டாண்டு முடிவில் பணிக்கொடை இருநூறு தினார் என்று எண்ணாலேயே எழுத வேண்டும். ஒன்பதாவது பிரிவில் 850 தினாரை அடிக்க வேண்டும், நோயாலோ சம்பளம் வராததாலோ திரும்பினால் சீட்டு முதலாளியுடையது என்று சேர்க்க வேண்டும். பன்னிரண்டாவது பிரிவு முழுவதையும் அடித்துவிட்டு, பாஸ்போர்ட் தொழிலாளியிடம் இருக்கும் என்று எழுத வேண்டும். ஆங்கிலப் பக்கத்தில் திருத்தினால் போதாது, முரண்பாடு வந்தால் அரபிப் பக்கமே செல்லும் என்று கடைசிப் பிரிவு சொல்கிறது, அதனால் அங்கேயும் திருத்தம் ஏற வேண்டும். இதோடு, பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படமெடுத்து அக்காள் மகளின் கைப்பேசியில் போட்டுவைக்கச் சொன்னேன். அசல் போய்விட்டாலும் எண் தெரிந்தால் அவசரச் சான்று வாங்குவது எளிது.

"எடுக்கலாம்க்கா. பாஸ்போர்ட்டு அவருகிட்ட இல்ல இருக்கு" என்றார்.

முகவரிடம். முதல் தவணைப் பணத்தோடு வாங்கி வைத்துக்கொண்டாராம், விசா அடிக்க வேண்டும் என்று. விசாத்தாள் வர நகல் போதும். நான் ஏழு பக்கமும் குவைத் வீட்டு அலமாரியைத் தேடிக்கொண்டிருந்தேன். பாஸ்போர்ட்டோ திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடையின் இழுப்பறையில் இரண்டு மாதமாக இருந்தது. பன்னிரண்டாவது பிரிவு கையெழுத்தாவதற்கு முன்பே நடைமுறைக்கு வந்துவிட்டிருந்தது. கொடுத்ததற்குச் சம்மதம் கேட்டார்களா என்றதற்கு அவர் சிரித்தார். "பணத்த வாங்குனாரு, புக்கையும் குடுன்னாரு, குடுத்தன்" என்றார்.

மூன்று நாளில் திருத்தத் தாளோடு அவரே போனார், அக்காள் மகளைக் கூட்டிக்கொண்டு. அரபியில் மாற்றவெல்லாம் முடியாது, அது அரசாங்க அச்சு, இவ்வளவு கேள்வி கேட்கிறவளை எந்த வீட்டிலும் எடுக்க மாட்டார்கள் என்றாராம் முகவர். பாஸ்போர்ட்டைக் கேட்டபோது மீதிப் பணத்தைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்றிருக்கிறார். பிறகு ஒரு கடிதம் எழுதினோம். பதிவுச் சான்று இல்லாமல் ஆள் எடுப்பது பற்றியும், அரசின் சொத்தான பாஸ்போர்ட்டைப் பணயமாக வைத்திருப்பது பற்றியும், இரண்டே பத்தி. ஒரு நகல் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கு, ஒன்று மாவட்ட ஆட்சியருக்கு, ஒன்று முகவருக்குப் பதிவுத் தபாலில். பதினோராம் நாள் பாஸ்போர்ட் வந்தது. பணத்தில் இருபதாயிரம் வந்தது, மீதிக்கு அலைகிறார்.

அரசு நிறுவனத்தில் பெயர் பதிந்திருக்கிறார். அங்கிருந்து இன்னும் அழைப்பு வரவில்லை. வந்தால் அந்த ஒப்பந்தத்தையும் கொண்டுவருவதாகச் சொன்னார், முதலில் பன்னிரண்டாவது பிரிவைப் பார்க்க வேண்டுமாம். இந்த முறை அது எத்தனாவது பிரிவில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதற்குள் மழை தொடங்கிவிட்டது, உப்பளத்தில் கரையெல்லாம் தண்ணீர். வாங்கிய முப்பதாயிரத்தில் வந்த இருபதாயிரத்தை அசலில் கட்டிவிட்டார். மீதிப் பத்தாயிரத்துக்கு மாதம் முந்நூறு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.